ஒரு வரிக்குள் ஒரு மலை

"இது படத்துக்கு எழுதுன வரி இல்ல சுகந்தினி. மேடைப் பேச்சு."

றினாஸின் குரல் போனில் குரல்பதிவாக வந்தது. அவன் இருப்பது பலாங்கொடை டவுனில், தன் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில், காய்ந்த தரையில், மின்விசிறிக்குக் கீழே. சுகந்தினி இருப்பது ஆத்துமேட்டுத் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், கூரைத் தகரத்தை மழை அடித்துத் துவைக்கும் முன்வாசலில். வாசற்படியில் இந்த ஒரு மூலையில்தான் சிக்னல் எட்டிப் பார்க்கும். பஸ் ஓடவில்லை, ஆகவே வேலைக்கும் போகவில்லை. அவனுடைய ஸ்டூடியோவில்தான் அவள் எடிட்டிங் செய்கிறாள்.

அவள் அனுப்பியிருந்த வரி இதுதான்: 'மலையக மக்களின் துயரத்தையும் போராட்டத்தையும் உணர்வுபூர்வமாகச் சொல்லும் படம்.'

எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியது. அந்தப் பாவி அதைப் போய் மேடைப் பேச்சு என்கிறான்.

கொழும்பில் ஒரு திரைப்படப் பட்டறை. புதியவர்களிடமிருந்து கதை கேட்டிருந்தார்கள். முழுத் திரைக்கதை இருந்தாலும் அதை முதலில் யாரும் புரட்டுவதில்லை. ஒரே ஒரு வாக்கியம், முப்பது சொல்லுக்குள், லாக்லைன் என்று பெயர். அதைப் படித்துவிட்டு 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கத் தோன்றினால்தான் மற்றதைக் கேட்பார்கள். இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பும் குப்பை. அன்று மாலையோடு கெடு முடிகிறது.

"நீ சொல்றது விசயம். கதை இல்ல," என்றான் றினாஸ். "இந்த வரிய எந்தத் தோட்டத்துப் படத்துக்கும் ஒட்டலாம். எனக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்கு என்ன வேணும், எது குறுக்க நிக்கிது, தோத்தா என்ன போகும். அவ்வளவுதான் கேக்கிறேன்."

"ஆள் யாருன்னு தெரியாதா உனக்கு?"

தெரியும். அவள் அம்மாவைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் யார்? ஜெயம்மா கொழுந்து பறிப்பவள். லயத்து மழைமானியும் அவள் பொறுப்பு. மண்சரிவு அபாயம் என்று குறித்த லயங்களுக்கு மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிகள் கண்ணாடிபோன்ற ஒரு குழாயைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மஞ்சள் கோடு வந்தால் விழிப்பாயிரு, சிவப்புக் கோடு வந்தால் எல்லோரையும் எழுப்பிக்கொண்டு ஓடு. போன வருடம் சிவப்பைத் தாண்டியது. ஜெயம்மா கோயில் மைக்கில் நின்று நீட்டி முழக்கினாள். லயமே பாயும் சட்டியுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. மலை அசையவில்லை. வேலைக்குப் போகாததால் எல்லோருக்கும் அன்றைய பேர், ஒருநாள் சம்பளம், போயிற்று. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பழனியாண்டியின் ஆடுகளை எவனோ அவிழ்த்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அவளைக் கண்டால் அந்த மனிதர் கேட்பார், "என்னக்கா, இன்னக்கி மலை எத்தன மணிக்கு விழும்?" கூட நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். இதைத்தான் சுகந்தினி படமாக்க நினைத்தாள்.

அடுத்த வரியை எழுதினாள். 'ஜெயா என்ற கொழுந்து பறிக்கும் பெண் மழைமானியைப் பார்த்துக்கொள்கிறாள், ஒருநாள் அவள் எச்சரிக்க மக்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக, மலை சரியாமல் போக, எல்லோரும் கோபப்பட, அதன் பிறகு...'

"இது முழுக்கதை. மூச்சு வாங்குது எனக்கு," என்றான். "பேரு எதுக்கு? ஜெயான்னா கொழும்புல உள்ளவனுக்கு என்ன தெரியும்? பேருக்குப் பதிலா அவ யாருன்னு ரெண்டு சொல்லுல சொல்லு. போன வருசம் நடந்தது படத்துக்கு முந்திய சங்கதி. படம் எங்க தொடங்குதோ அங்க வா."

வெட்டினாள், ஒட்டினாள். 'மழைமானி பார்க்கும் கொழுந்துக்காரி ஒருத்தி மண்சரிவிலிருந்து தன் லயத்தைக் காப்பாற்றப் போராடுகிறாள்.'

"நல்லா வருது. ஆனா யாரோட போராடுறா? மழையோடயா? மழை என்ன, திருப்பிப் பேசவா போகுது?"

"மழையோட இல்ல. சனங்களோட. அவங்க நம்ப மாட்டாங்க."

"அத ஏன் நீ ஒளிச்சி வச்சீக்கிறா? அதுதான்டி தூண்டில்."

உடனே எழுதினாள். 'வீண் பயம் காட்டினாள் என்று பெயர் வாங்கிய மழைமானிக்காரி, மறுபடி அடைமழை பிடித்ததும், தன்னை நம்பாத லயத்தைக் காலிசெய்யவைக்கப் போராடுகிறாள்.'

அனுப்பினாள். நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை. சிக்னல் செத்துவிட்டதோ என்று போனை வெளியே நீட்டினாள், கை முழங்கை வரை நனைந்தது. பிறகு வந்தது.

"சுகந்தினி, இதுல ஆள் ஈக்கி, சண்டை ஈக்கி. ஒரு கேள்விதான். அவ ஏன் மறுபடி கத்துவா? ஒருக்கா அவ்வளவு அசிங்கப்பட்டவ. நானாயிருந்தா, மானி செவப்பானாலும் வாய மூடிக்கிட்டு இருந்துருவேன். யாருக்கும் காட்டாம தண்ணியக் கொட்டிட்டுப் போயிருவேன். அப்படிப்பட்டவள எது கத்த வைக்கிது? அதச் சொல்லு."

சுகந்தினி அந்தப் பதிவை மறுபடி போடவில்லை. ஒருமுறை கேட்டதே போதுமாயிருந்தது.

காலையில் அம்மா மானியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது நினைவுக்கு வந்தது. "எவ்வளவும்மா?" என்று கேட்டதற்கு, "மஞ்சளுக்குக் கீழதான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை யாராவது ஊதுவார்களா?

வாசலில் கிடந்த பெரிய வாளியைப் பார்த்தாள். இரவு வெறுமையாக வைத்தது. இப்போது வழிந்துகொண்டிருந்தது. வாளியை வைத்து மழையை அளக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுந்துவிட்டாள்.

குடையை எடுக்காமலே ஓடினாள். லயத்துக் கோடியில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் பக்கத்தில், கம்பத்தில் கட்டியிருந்த மானியில் விரலளவு தண்ணீர்தான் கிடந்தது. மஞ்சளுக்கு எவ்வளவோ கீழே. ஒரு விநாடி நிம்மதியாக மூச்சுவிட்டாள். அப்புறம் பார்த்தாள், கம்பத்தடியில் அம்மாவின் செருப்புத் தடம். மழை இன்னும் அழிக்காத, புத்தம்புதுத் தடம்.

பீலியில் வந்த தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. நேற்று வரை பளிங்காக வந்த தண்ணீர்.

வீட்டுக்கு எப்படித் திரும்பினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜெயம்மா பின்பக்கத்தில் கதவோடு மல்லுக்கு நின்றாள். தோளைக் கொடுத்துத் தள்ளியும் கதவு நிலைக்குள் போகவில்லை, ஒரு சாண் திறந்தபடி முரண்டு பிடித்தது.

"மழைக்கு மரம் ஊதிருச்சு," என்றாள் ஜெயம்மா.

"அம்மா, மானியில இருந்த தண்ணிய என்ன செஞ்சீங்க?"

தோள் கதவிலேயே இருந்தது. முகம் திரும்பவில்லை.

"சொல்லுங்கம்மா."

"கொட்டிட்டேன்."

"எத்தன தடவ?"

"விடியக்காலம் ஒருக்கா. இப்ப ஒருக்கா." ஜெயம்மா அப்படியே கதவடியில் குந்திவிட்டாள். "காலையிலேயே செவப்புக்கு வந்துருச்சு சுகந்தி. பாத்தேன். கை தானா போயி கவுத்துருச்சு. கவுத்துட்டா மழையே பெய்யாத மாதிரி இருந்துச்சு. அந்த ஆளு கேப்பானே, எத்தன மணிக்கு விழும்னு கேப்பானே. என்னால இன்னொரு தடவ நிக்க முடியாதுடி அந்தச் சிரிப்புக்கு முன்னால."

சுகந்தினிக்குக் கோபம் வந்தது. அம்மா மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் அதிகம் வந்தது. காலையிலிருந்து அந்த வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி நான்கு வரி எழுதியாயிற்று. அம்மாவின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கவில்லை. றினாஸ் கேட்ட கேள்வியைப் பெற்றவளிடம் கேட்கத் தோன்றவில்லை. நல்ல எழுத்தாளி.

மூடாத கதவின் இடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். பின்பக்கத்து மண்மேட்டில், வாழைக்கு மேலே, ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கை நுழையும் அகலம். வாழை நிமிர்ந்து நிற்கவில்லை, வீட்டைப் பார்த்துக் குனிந்து நின்றது.

"எந்திரிங்க. கோயிலுக்குப் போவோம். மைக்ல சொல்லணும்."

"யாரு வருவா? நான் சொன்னா ஒரு நாய் வராது. நீ சொல்லு."

"நான் சொன்னா, படக்காரி கத கட்டுறான்னுவாங்க. மானி ஒங்க கையில இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

"என்னான்னு சொல்ல? போன தடவ அவ்வளவு நேரம் பேசுனேன்."

அதுதான் கோளாறு. போன தடவை ஜெயம்மா, அன்பார்ந்த பொதுமக்களே என்று தொடங்கி, அதிகாரிகள் சொன்னது, அரசாங்கம் சொன்னது, வேறு எங்கெங்கோ மலை விழுந்தது, எல்லாம் சொன்னாள். பாதிப்பேர் பாதியிலேயே காதை மூடிக்கொண்டார்கள். பயந்து ஓடியவர்கள்கூட எதற்கு ஓடினோம் என்று தெரியாமல்தான் ஓடினார்கள்.

"ஒரே வசனம் போதும்மா," என்றாள் சுகந்தினி. கோயிலை நோக்கி வழுக்கி வழுக்கி நடந்தபடியே பேசினாள். "நீங்க யாரு. என்ன ஆச்சு. கேட்டவங்களுக்கு வீட்டுக்குள்ள உக்கார முடியாத மாதிரி ஒண்ணு. அவ்வளவுதான்."

"உக்கார முடியாத மாதிரின்னா?"

"நீங்க பாத்ததுல ஒங்கள ரொம்பப் பயங்காட்டுனது எது? மானியா?"

ஜெயம்மா நின்றாள். மழை அவள் தலைமுக்காட்டிலிருந்து சொட்டியது. "மானி இல்ல," என்றாள். "கதவு. மரம் ஊதல, அடியில மண்ணு நகந்து நிலை கோணிருச்சு."

கோயில் பூட்டவில்லை. கரண்ட் இருந்தது, அது மாரியம்மன் செய்த புண்ணியம். சுகந்தினி ஆம்ப்ளிபயரைப் போட்டு மைக்கை அம்மா கையில் கொடுத்தாள். மைக் கைமாறியதில் ஒலிபெருக்கி கரகரத்தது. கீழே, வரிசை வீடுகளில், ஓரிருவர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களில் பழனியாண்டியும் இருந்தார். பனியனோடு, இடுப்பில் கைவைத்து, சிரிக்கத் தயாராக நின்றார்.

ஜெயம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். மகளைப் பார்த்தாள். இப்போது அம்மா மைக்கைக் கீழே வைத்துவிட்டால் முடிந்தது, வெடிப்பு அவள் எழுதும் வரிக்குள் அல்ல, அவர்கள் தலைமேல்தான் இருக்கிறது.

"நான் ஜெயம்மா," என்றது ஒலிபெருக்கி. "போன தடவ ஒங்கள வீணா ஓட வச்சவ, இன்னக்கி மானி செவப்ப தாண்டியும் ஒங்க சிரிப்புக்குப் பயந்து தண்ணியக் கொட்டி மறச்சவ, எங்க வீட்டுப் பின்கதவு இப்ப மூடல, ஒங்க பின்கதவ ஒருக்கா மூடிப் பாருங்க."

அவ்வளவுதான். மைக்கை டொக்கென்று கீழே வைத்தாள்.

வாசலில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். போய்விட்டார்களே என்று சுகந்தினிக்கு அழுகை முட்டியது.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. பலகையில் பலகை மோதுகிற சத்தம். எங்கோ ஒரு வீட்டுக் கதவு. மறுபடி, இன்னும் பலமாக. அடுத்த வீட்டில் ஒன்று. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. லயம் நெடுக ஆட்கள் கதவைத் தள்ளினார்கள், உதைத்தார்கள், தோளால் இடித்தார்கள், எந்தக் கதவும் 'டப்' என்று நிலையில் போய் உட்காரவில்லை. சுகந்தினி வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தைக் கேட்டதில்லை. ஒரு பெண் "ஆத்தாடி" என்று கத்தினாள். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிழடுகளைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பாதையில் எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாகப் பழனியாண்டி வந்தார். முதுகில் ஒரு கிழவரைச் சுமந்தபடி, இந்த முறை ஆடுகளையும் இழுத்துக்கொண்டு வந்தார், புதிதாக வாங்கிய ஆடுகள். ஜெயம்மாவைக் கடந்தபோது பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் சிக்னல் கொஞ்சம் தாராளமாகக் கிடைத்தது. மத்தியானம் கழிந்தது. மழை குறைந்து தூறலானது. மலை அப்படியே இருந்தது. மூலையில் யாரோ, "சோறு வடிச்சது அப்படியே கெடக்கு, போயி எடுத்தாந்துருவோமா?" என்று தொடங்கினார்கள். போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது.

ஜெயம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்காம்மா? விழுந்துருமோன்னு?"

ஜெயம்மா குரலைத் தாழ்த்தினாள். "விழாமப் போயிருமோன்னு பயமா இருக்கு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "மாரியாத்தா. என் வீடுடி அது. ஒங்கப்பா செத்தது அந்த வீட்டுல. ஒன்னப் பெத்தது அந்த வீட்டுல. அது மண்ணுக்குள்ள போகட்டும், அப்பத்தான் இவங்க என்ன நம்புவாங்கன்னு ஒரு நெனப்பு வந்துருச்சு. என்ன பொம்பள நானு?"

சுகந்தினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாகக் கிடந்தது. தோற்றால் என்ன போகும் என்று றினாஸ் முதலில் கேட்டதற்கு இதைத் தவிர வேறு எதுவும் பதிலில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த மாத்திரத்தில் வெட்கமாகவும் இருந்தது. பெற்றவள் அழும்போது வரி தேடுகிற மனசு என்ன மனசு?

இருந்தும் எழுதினாள். எழுதியதை அனுப்பாமல் அம்மாவிடம் வாசித்துக் காட்டினாள்.

'வீண் பயம் காட்டினாள் என்று பெயர் வாங்கிய மழைமானிக்காரி, மறுபடி அடைமழை பிடித்ததும் தன்னை நம்பாத லயத்தைக் காலிசெய்யவைக்கப் போராடுகிறாள், ஆனால் அவள் சொல் மெய்யாக வேண்டுமென்றால் அவள் வீடே மண்ணுக்குள் போகவேண்டும்.'

ஜெயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என் பேரு இருக்கா?"

"இந்த வரியில பேரு போட மாட்டாங்கம்மா."

"பேரு இல்லாட்டியும் இங்க உள்ளவங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீங்க வேணாம்னா அனுப்பல."

ஜெயம்மா மலையைப் பார்த்தாள். "தண்ணியக் கொட்டுனத மைக்லயே சொல்லிட்டேன். இதுக்கு மேல என்ன இருக்கு மறைக்க? அனுப்பு. ஆனா கடேசில என்னாகும்னு எழுதலயே நீ?"

"முடிவச் சொல்லக்கூடாது. அதத் தெரிஞ்சிக்கத்தான் அவங்க நம்மளக் கூப்புடணும்."

"ஆமா, எனக்கே தெரியாது," என்றாள் ஜெயம்மா. அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. சுகந்தினி அதைப் பட்டறைக்கே அனுப்பினாள்.

அவள் போனை மடியில் வைத்தபோது மண்டபத்தில் சலசலப்பு பெரிதாகியிருந்தது. சில ஆண்கள் வேட்டியை மடித்துக்கட்டிக் கதவுப் பக்கம் போனார்கள். மழை விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மழை விட்ட பிறகும் ஊறிய மலை சரியும் என்று அதிகாரிகள் படித்துப் படித்துச் சொன்னது ஒருவருக்கும் நினைவில்லை. ஜெயம்மா எழுந்து கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். கைகளை விரித்தாள்.

"தள்ளுக்கா," என்றான் ஒருவன். "மறுபடியும் ஒன் கூத்தா?"

பின்னாலிருந்து பழனியாண்டி வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் கேட்கப்போவது எல்லோருக்கும் மனப்பாடம். சுகந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை மணிக்கு விழும் என்று இப்போது அவர் கேட்டால், லயம் சிரிக்கும், சிரித்துக்கொண்டே அத்தனை பேரும் மேலே ஏறிப் போவார்கள்.

பழனியாண்டி ஜெயம்மாவுக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா," என்றார், "அடுத்த தடவ மைக்கச் சத்தமா வைங்க. கோடி வீட்டுல காது கேக்காத கெழவன் ஒருத்தன் இருக்கான், நான் போயித் தூக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு."

சொல்லிவிட்டு, கதவோரமாகவே, அவள் காலடியில், ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வேட்டியை மடித்துக்கட்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஜெயம்மா விரித்த கைகளை இறக்க மறந்து அப்படியே நின்றாள். சுகந்தினிதான் போய் இறக்கிவிட்டாள். வெளியே மலை நின்றது.